ஸ்லைடில் இல்லாத கதைதான் உங்கள் முதல் வரி

வாசகர் கேள்வி:

லிஃப்ட் பழுதுபார்த்துப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் தகவல் தொடர்புப் பிரிவில் வேலை செய்கிறேன். மொத்தம் 1,400 பேர், பெரும்பாலும் டெக்னீஷியன்கள். எங்கள் முதன்மைச் செயல் அதிகாரி மூன்றாண்டுத் திட்டத்தை எல்லோருக்கும் ஒரு வீடியோவில் சொல்லப் போகிறார். என்னிடம் 28 ஸ்லைடுகளைக் கொடுத்து, மூன்று நிமிடத்துக்கு எழுதித் தரச் சொன்னார்கள். 'சேவை மேன்மை, டிஜிட்டல் மாற்றம், செயல்திறன்' என்ற மூன்று தூண்களை வைத்து எழுதிக் கொடுத்தேன். "இது அறிக்கை மாதிரி இருக்கு. நான் பேசுற மாதிரி இல்ல. கொஞ்சம் கனிவா, நானே சொல்ற மாதிரி வேணும்" என்று திருப்பிவிட்டார். முக்கியமான எண்கள்: முதல் முறையிலேயே பழுது சரியாவது 61 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக வேண்டும்; 11 சேவை மையங்கள் 7 ஆகும். பேச்சுவாக்கில் அவர் ஒன்று சொன்னார். ஒரு குடியிருப்பில் லிஃப்ட் ஐந்து நாள் நின்றுபோனதாம். தேவைப்பட்ட எலக்ட்ரானிக் போர்டு வேறொரு மையத்தில் சும்மா கிடந்ததாம். அங்கே இருந்த வயதான அம்மாவின் மகன் போன் செய்தபோது தன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்றார். அது ஸ்லைடில் இல்லை என்பதால் நான் சேர்க்கவில்லை. எப்படித் திருத்தி எழுதுவது?

பதில்:

அந்தப் போன் அழைப்பிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கடிதத்தில் முதன்மைச் செயல் அதிகாரியின் குரல் கேட்பது அந்த ஓர் இடத்தில்தான். மற்றதெல்லாம் ஸ்லைடின் குரல்.

ஸ்லைடுகள் யாருக்காகத் தயாரானவை என்று முதலில் யோசித்துப் பாருங்கள். இயக்குநர் குழுவின் முன் வைத்து, திட்டத்துக்கு ஒப்புதலும் பணமும் கேட்பதற்காகத் தயாரானவை. இயக்குநர்களுக்கு லிஃப்ட் ஏன் தாமதமாகச் சரியாகிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது அவர்களுக்கு வேறு வழிகளில் தெரியும். அவர்களுக்கு வேண்டியது வகைப்படுத்தல்: எந்தத் தலைப்பின் கீழ் எவ்வளவு செலவு, எந்த இலக்கு, எந்த ஆண்டு. அதனால்தான் எல்லாம் பெயர்ச்சொற்களாகச் சுருங்கி மூன்று தூண்களாக நிற்கின்றன. வண்டியில் உட்கார்ந்து போனில் இந்த வீடியோவைப் பார்க்கும் டெக்னீஷியன் கேட்பது வேறு. என் வேலையில் என்ன மாறும்? ஏன் மாற்றுகிறார்கள்? யார் முடிவெடுத்தது? எப்போதிலிருந்து? ஸ்லைடின் வரிசையில் போனால் இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் கடைசி வரை வராது.

ஆகவே எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, தூண்களைப் பிரித்துப் போட்டு, இடையில் காணாமல் போன 'அதனால்'களைத் திரும்பச் சேர்ப்பது. நீங்கள் சொன்ன எண்களை மட்டும் வைத்தே செய்து பார்ப்போம். முதல் முறையிலேயே 61 சதவீதம் சரியாகிறது என்றால், பத்து இடங்களில் ஏறக்குறைய நான்கு இடங்களுக்கு இரண்டாவது முறை போகிறார்கள். ஏன் போகிறார்கள்? அந்தப் போர்டு கதை ஒரு காரணத்தைச் சொல்கிறது. டெக்னீஷியன் இருந்தார், பாகம் இல்லை. பாகம் ஏன் இல்லை? கையிருப்பு பதினோரு இடங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது; ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம். ஓரிடத்தில் தீர்ந்துபோகும்போது இன்னோர் இடத்தில் தூசி படிந்து கிடக்கும். அதே அளவு கையிருப்பைக் குறைந்த இடங்களில் சேர்த்து வைத்தால் தேவைப்படும்போது கிடைக்கும் வாய்ப்பு கூடும். கிடங்கு வேலை தெரிந்த எவரும் இதைச் சொல்வார்கள். ஆக, மையங்களை ஏழாக்குவதும், 'டிஜிட்டல் மாற்றம்' என்ற பெயரில் அநேகமாக வரப்போகும், பாகம் எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலியும், 80 சதவீத இலக்கும் ஒரே காரியத்தின் மூன்று பகுதிகள். ஸ்லைடில் ஒன்று 'செயல்திறன்' என்ற தூணில் இருக்கும், ஒன்று 'டிஜிட்டல்' தூணில், இன்னொன்று 'சேவை'யில். மூன்றையும் மூன்று செய்திகளாகச் சொன்னால், மையங்களை மூடுவது வெறும் செலவுக் குறைப்பாகத்தான் காதில் விழும். ஒரே சங்கிலியாகச் சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருப்பது தெரியும்.

இந்தச் சங்கிலி உண்மையா என்று நீங்கள் சரிபார்க்க வேண்டும். நான் உங்கள் கடிதத்திலிருந்து ஊகித்தது அது. திட்டம் வகுத்தவரிடம் போய், "மையங்களைக் குறைப்பதால் இரண்டாவது முறை போவது குறையும் என்று கணக்குப் பார்த்தீர்களா, அல்லது வாடகை மிச்சமாகும் என்பதற்காக மட்டுமா?" என்று நேராகக் கேளுங்கள். வாடகைதான் காரணம் என்றால் ஸ்கிரிப்ட்டில் வாடகை என்றே சொல்ல வேண்டும். பொருந்தாத காரணத்தைக் கனிவான குரலில் சொன்னால், மையத்தில் வேலை செய்கிறவர்கள் அதை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டுமே காரணம் என்றால் இரண்டையும் சொல்லுங்கள்.

61 என்ற எண்ணையும் ஒருமுறை சோதியுங்கள். அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று ஒரு மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். முதல் நாள் புகாரை முடித்து, மறுநாள் அதே லிஃப்ட்டுக்குப் புதுப் புகார் எண்ணில் போனால் அது இரண்டாவது முறையாகக் கணக்கில் வருகிறதா? வராவிட்டால், களத்தில் இருப்பவர்களுக்கு உண்மை நிலவரம் 61-ஐ விட மோசம் என்று தெரிந்திருக்கும். தலைவர் வாயிலிருந்து வரும் முதல் எண்ணையே அவர்கள் நம்பவில்லை என்றால் அதற்குப் பிறகு வரும் கனிவு எதற்கும் உதவாது.

அடுத்து, முதன்மைச் செயல் அதிகாரியிடம் அரைமணி நேரம் கேட்டு வாங்குங்கள். ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். ஸ்லைடுகளைத் திறக்க வேண்டாம்; திறந்தால் அவர் ஸ்லைடைப் படிக்கத் தொடங்கிவிடுவார். அந்த மகன் போன் செய்தபோது என்ன நடந்தது என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். அவர் முடித்ததும், இந்தத் திட்டத்தில் எந்த முடிவுக்காக அதிகம் வாதாட வேண்டியிருந்தது என்று கேளுங்கள். எதில் அவர் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார், எதைப் பற்றி இன்னும் கவலைப்படுகிறார், அந்த நான்கு மையங்களில் வேலை செய்கிறவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் முதலில் என்ன சொல்வார் என்றும் கேளுங்கள். பதில்களை அப்படியே எழுத்தாக்குங்கள். அதில் அவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சொற்கள் இருக்கும், அவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பது இருக்கும். ஸ்கிரிப்ட்டின் பாதி வரிகள் அங்கிருந்தே வரவேண்டும் என்பது என் அனுபவம். அவர் சொல்லாத சம்பவத்தை, உணராத உணர்வை எழுதிக் கொடுக்காதீர்கள். கேமரா முன்னால் அது அவர் முகத்தில் ஒட்டாது.

கனிவு என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் முதல் வரைவு எனக்கு அனுப்பப்படவில்லை, ஆனால் இத்தகைய வரைவுகள் எப்படித் தொடங்கும் என்று தெரியும்: 'அன்பான சக ஊழியர்களே, நமது மூன்றாண்டு வியூகத் திட்டத்தைத் தங்களுடன் பகிர்ந்துகொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்.' கனிவு வேண்டும் என்று திருப்பி அனுப்பினால், 'அன்பான' என்பது 'என் அன்புக் குடும்பமே' ஆகும். 'பெருமகிழ்ச்சி' இன்னும் பெரிதாகும். இதனால் குரல் மாறுவதில்லை. கேட்பவருக்குக் கனிவாகத் தோன்றுவது, பேசுகிறவர் தன்னைப் பாதித்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லும்போதும், தன் முடிவால் யாருக்குச் சிரமம் என்று தெரிந்து சொல்லும்போதும்தான்.

இதற்கு எல்லோரும் பார்க்கக் கூடிய ஓர் உதாரணம் உண்டு. 2020 மார்ச்சில் மேரியட் ஹோட்டல் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஆர்ன் சோரென்சன் ஊழியர்களுக்கு ஒரு வீடியோ செய்தி கொடுத்தார். ஏறக்குறைய ஆறு நிமிடம். அப்போது அவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார், தலைமுடி முழுக்க உதிர்ந்திருந்தது. இந்தத் தோற்றத்தோடு வீடியோவில் வர வேண்டுமா என்று தன் குழுவினர் தயங்கியதை அவரே தொடக்கத்தில் சொல்லிவிட்டார். அதன் பிறகு சுற்றி வளைக்காமல் நிலவரத்துக்கு வந்தார். பெரும்பாலான சந்தைகளில் தொழில் வழக்கத்தை விட 75 சதவீதம் குறைவாக ஓடுகிறது என்றார். என்னென்ன நிறுத்தப்படுகின்றன என்று சொன்னார். தானும் நிறுவனத் தலைவர் பில் மேரியட்டும் அந்த ஆண்டின் மீதிக் காலத்துக்குச் சம்பளம் வாங்கப் போவதில்லை, மூத்த நிர்வாகிகளின் சம்பளம் பாதியாகும் என்று சொன்னார். மதிப்புமிக்க ஊழியர்களிடம் இப்படிப்பட்ட செய்தியைச் சொல்வதுதான் தனக்கு மிகக் கடினம் என்று பேசியபோது அவர் குரல் தழுதழுத்தது. நம்பிக்கை தரும் செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசையைக் கவனியுங்கள். கெட்ட செய்தி நடுவில் ஒளிந்திருக்கவில்லை. தன் பங்குக்கு என்ன இழக்கிறார் என்பது ஊழியர்கள் இழப்பதோடு சேர்ந்தே வந்தது. உங்கள் நிறுவனத்தின் நிலைமை அவ்வளவு கடுமையானது அல்ல, அந்தத் தொனி உங்களுக்குப் பொருந்தாது. வரிசை பொருந்தும்.

இப்போது மொழிக்கு வருவோம். தமிழில் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. கை தானாகவே எழுத்துத் தமிழுக்குப் போய்விடுகிறது: 'மேற்கொள்ளப்படும்', 'செயல்படுத்தப்பட உள்ளது'. பேசும்போது 'பேச்சுத் தமிழுக்கு மாற்றிக்கொள்வார்' என்று நம்பி அப்படியே விட்டுவிடுகிறோம். மாற்ற மாட்டார். டெலிப்ராம்ப்டரில் ஓடும் சொல்லைத்தான் கண் படிக்கும், வாய் சொல்லும். பாதி மாற்றி, பாதி மாற்றாமல் தடுமாறும்போது அவர் செய்தி வாசிப்பவரைப் போலவும் இல்லாமல் தன்னைப் போலவும் இல்லாமல் ஆகிவிடுவார். எனவே அவர் எப்படிச் சொல்வாரோ அப்படியே எழுதுங்கள். 'போகிறோம்' என்பதற்கு 'போறோம்'. 'இல்லை' என்பதற்கு 'இல்ல'. ஒலிப்பதிவில் அவர் எப்படி உச்சரித்தாரோ அதைப் பின்பற்றுங்கள். உங்கள் வட்டார வழக்கை அவர் வாயில் திணிக்காதீர்கள். அவர் இயல்பாகவே கொஞ்சம் திருத்தமாகப் பேசுகிறவர் என்றால் திருத்தமாகவே எழுதுங்கள்.

'நான்', 'நாம்', 'நாங்கள்' மூன்றும் இந்த ஸ்கிரிப்ட்டில் மூன்று வேலை செய்ய வேண்டும். மையங்களை மூடும் முடிவு 'நான்'. அதை 'நாம் முடிவெடுத்தோம்' என்று எழுதினால், அந்த முடிவில் தங்களைக் கேட்கவே இல்லையே என்று 1,400 பேரும் நினைப்பார்கள். இரண்டாவது முறை போக நேர்வது 'நாம்', ஏனென்றால் அது எல்லோரும் சேர்ந்து படும் பாடு. நிர்வாகம் செய்து தர வேண்டியதற்கு மட்டும் 'நாங்கள்'. இதை மட்டும் சரியாக வைத்தாலே பாதி வரைவு தானாகத் திருந்திவிடும்.

நீளம் எவ்வளவு? அவருடைய ஒலிப்பதிவில் ஒரு நிமிடத்தை எடுத்து, சொற்களை எண்ணுங்கள். அதுதான் உங்கள் அளவுகோல். தமிழில் நிதானமாகப் பேசுகிறவருக்கு நான் நிமிடத்துக்கு 100 சொற்கள் என்று வைத்துக்கொள்வேன்; ஆங்கிலத்துக்குச் சொல்லும் 130, 150 கணக்கு இங்கே உதவாது, நம் சொற்கள் நீளமானவை. மூன்று நிமிடம் கொடுத்தார்கள் என்பதற்காக மூன்று நிமிடத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. கீழே இருப்பது இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். போர்டு எதற்கானது, டெக்னீஷியன் எப்போது போனார், வண்டியில் என்ன வைப்பார்கள், தேதி என்ன, கடைசியில் என்ன கேட்கிறார் என்பதையெல்லாம் உதாரணத்துக்காக நான் நிரப்பியிருக்கிறேன். உண்மையானவற்றை அவரிடம் கேட்டு மாற்றுங்கள்.

"வணக்கம். போன வருஷம் ஒரு குடியிருப்புல நம்ம பராமரிக்கிற லிஃப்ட் அஞ்சு நாள் நின்னுபோச்சு. நம்ம டெக்னீஷியன் முதல் நாளே போயிட்டார். என்ன கோளாறுன்னும் சரியா கண்டுபிடிச்சுட்டார். கதவை இயக்குற ஒரு சின்ன போர்டு வேணும். அது அவர் வண்டியில இல்ல, அவரோட மையத்துலயும் இல்ல. இன்னொரு மையத்துல சும்மா இருந்துச்சு. அது அவருக்குத் தெரிய வழியே இல்ல.

அந்தக் குடியிருப்புல ஒரு வயசான அம்மா இருக்காங்க. அவங்க மகன் எனக்கு போன் பண்ணார். ஏன் அஞ்சு நாள் ஆச்சுன்னு கேட்டார். என்னால பதில் சொல்ல முடியல.

பத்து இடத்துக்குப் போனா, நாலு இடத்துக்கு நாம ரெண்டாவது தடவையும் போக வேண்டியிருக்கு. உங்க திறமையில குறை இல்ல. கையில பாகம் இல்ல. மூணு வருஷத்துல அந்த நாலை ரெண்டாக்கணும்னு நினைக்கிறேன்.

அதுக்கு நாங்க செய்ய வேண்டியது மூணு. அடிக்கடி தேவைப்படுற பாகங்களை உங்க வண்டியிலயே வச்சுத் தரணும். மத்த பாகங்கள் எந்த மையத்துல இருக்குன்னு உங்க போன்லயே தெரியணும். மூணாவது கஷ்டமானது. பாகங்கள் இப்போ பதினோரு மையத்துல சிதறிக் கிடக்கு. அதை ஏழு மையத்துல சேர்க்கப்போறோம். அதாவது நாலு மையத்தை மூடுறோம். இந்த முடிவை எடுத்தது நான்.

அந்த நாலு மையத்துல இருக்கிறவங்ககிட்ட உங்க மேலாளர் ஏற்கெனவே நேர்ல பேசியிருப்பார். உங்கள்ல சில பேருக்கு தினமும் போற தூரம் கூடும். யார் எந்த மையத்துக்கு மாறுறீங்க, கூடுதல் பயணத்துக்கு என்ன ஏற்பாடுங்கிறது இன்னும் முடிவாகல. அடுத்த மாசம் பதினைஞ்சாம் தேதி நானே சொல்றேன்.

அதுக்குள்ள எல்லார்கிட்டயும் ஒண்ணு கேட்கிறேன். ரெண்டாவது தடவை போக வேண்டி வந்தா, எந்தப் பாகம் இல்லாததால போறீங்கன்னு வேலைச் சீட்டுல ஒரு வரி எழுதுங்க. வண்டியில எதை வைக்கிறதுன்னு அதைப் பார்த்துத்தான் முடிவு பண்ணப்போறோம். நன்றி."

'மூன்று தூண்கள்' இதில் எங்கும் இல்லை, ஆனால் தூண்களுக்குள் இருந்த காரியம் எல்லாம் இருக்கிறது. 61, 80 என்ற எண்களும் இல்லை. காதால் கேட்கும்போது சதவீதம் நிற்காது. பத்துக்கு நான்கு, பத்துக்கு இரண்டு நிற்கும். நிதிப் பிரிவில் யாராவது "39 சதவீதத்தை நான்கு என்று சொல்லலாமா?" என்று கேட்பார்கள். சொல்லலாம், துல்லியமான எண்கள் வீடியோவோடு போகும் ஒரு பக்கக் குறிப்பில் இருக்கட்டும்.

டெக்னீஷியன் சரியாகவே வேலை செய்தார் என்ற வரியை யாராவது நீளம் கருதி வெட்டச் சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். அது போய்விட்டால், ஐந்து நாள் லிஃப்ட் நின்றதற்கு ஒரு டெக்னீஷியன் காரணம் என்பதுபோல் கதை திரும்பிவிடும். அவர் யார் என்று சக ஊழியர்கள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். படப்பிடிப்புக்கு முன்பே அவரிடம் சொல்லி, சம்மதம் கேளுங்கள். குடியிருப்பின் பெயரோ, அந்த அம்மாவை அடையாளம் காட்டும் எதுவுமோ வரக் கூடாது.

'இன்னும் முடிவாகல' என்ற வரி உங்களை உறுத்தலாம். நிர்வாகத்தில் சிலர் அதை எடுத்துவிட்டு, 'யாருக்கும் பாதிப்பு இருக்காது' என்று போடச் சொல்வார்கள். மனிதவளப் பிரிவு எழுத்தில் உறுதி கொடுக்காமல் அப்படி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வரவிடாதீர்கள். வீடியோ அழியாது; ஒரு வருடம் கழித்து யாராவது இடமாற்றத்தை மறுத்து வெளியேறும்போது அதே வாக்கியம் எல்லோருடைய போனிலும் சுற்றும். ஆட்குறைப்பு உண்டு என்றால் இந்த ஸ்கிரிப்ட் செல்லாது, அதைச் சொல்லும் விதமே வேறு. நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது என்றால், மையங்கள் மூடுவதையும் மூன்றாண்டு இலக்கையும் ஊழியர்களிடம் எப்போது சொல்லலாம் என்பதைச் சட்டப் பிரிவிடம் கேட்டுக்கொண்டுதான் படமெடுக்க வேண்டும். 1,400 பேருக்குப் போகும் வீடியோ வெளியே போகாது என்று எண்ண முடியாது.

ஸ்கிரிப்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த ஒன்று தவறினால் எல்லாம் கெட்டுவிடும். தன் மையம் மூடப்படுகிறது என்று ஒருவர் முதன்முதலாக வீடியோவில் தெரிந்துகொள்ளக் கூடாது. முதலில் நான்கு மையங்களின் மேலாளர்கள், அடுத்து அந்த மையங்களில் இருப்பவர்களோடு நேரடிக் கூட்டம், அதன் பிறகே எல்லோருக்கும் வீடியோ. இடைவெளி சில மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனால் வதந்தி முந்திக்கொள்ளும். ஒரே நாளில் காலையில் கூட்டங்கள், மதியம் வீடியோ என்பது நடைமுறைக்கு ஏற்றது. மேலாளர்களுக்கு அதே ஸ்கிரிப்ட்டோடு, அவர்களிடம் வரக்கூடிய கேள்விகளுக்கான பதில்களையும் கொடுங்கள். 'ஏற்கெனவே நேர்ல பேசியிருப்பார்' என்ற வரி உண்மையாக இருக்க வேண்டும் என்றால் இந்த ஏற்பாடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால் வீடியோவைத் தள்ளிப்போடுங்கள்.

வரைவு தயாரானதும் உங்கள் அலுவலகத்தில் யாரிடமும் காட்டாமல், முதலில் களத்தில் இருக்கும் ஒரு மேற்பார்வையாளரை ரகசியம் காக்கச் சொல்லி உட்காரவைத்து, வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்ததும் பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். "உங்கள் ஆட்களிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அவர், "பாகம் கிடைக்கிறதுக்காக மையத்தைச் சேர்க்கிறாங்க, நாலு மையம் மூடுறாங்க, 15-ஆம் தேதி விவரம் சொல்வாங்க, வேலைச் சீட்டுல எழுதணும்" என்ற மாதிரி சொன்னால் ஸ்கிரிப்ட் வேலை செய்கிறது. "ஏதோ மையத்தை மூடுறாங்களாம்" என்று மட்டும் சொன்னால் சங்கிலி எங்கோ அறுந்திருக்கிறது; பெரும்பாலும் பாகங்களுக்கும் மையங்களுக்கும் நடுவே உள்ள வரியில்தான்.

படப்பிடிப்பு பற்றிச் சுருக்கமாக. டெலிப்ராம்ப்டரில் வரி குறுகலாக இருக்கட்டும், நாலைந்து சொற்களுக்கு மேல் ஒரு வரியில் வேண்டாம். வரி அகலமானால் கண் இடமிருந்து வலமாக ஓடுவது கேமராவில் தெரியும். பார்ப்பவருக்கு அவர் படிக்கிறார் என்று உடனே புரிந்துவிடும். கேமராவைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் அந்த ஓட்டம் இன்னும் குறையும். மூச்சு விடும் இடத்தில் வரியை உடையுங்கள். எண்களை எழுத்தால் எழுதுங்கள். '11' என்று பார்த்தால் ஒரு கணம் தயங்குவார், 'பதினோரு' என்று பார்த்தால் தயங்க மாட்டார். முழு ஸ்கிரிப்ட்டையும் ஒரே மூச்சில் எடுக்காமல் பத்தி பத்தியாக எடுங்கள். போன் அழைப்புப் பத்தியை மட்டும் டெலிப்ராம்ப்டரை நிறுத்திவிட்டு, அவராகவே சொல்லச் சொல்லி ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவர் வாழ்ந்த சம்பவம் அது. எழுதியதை விட நன்றாக வரும், வந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாத இடத்தில்தான் எல்லோரும் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது என்பதால் கீழே எழுத்து வரிகள் கட்டாயம் வேண்டும். அந்த எழுத்து வரிகளும் அவர் பேசிய தமிழிலேயே இருக்கட்டும். வாய் ஒன்று சொல்ல எழுத்து வேறொன்று சொன்னால் பார்ப்பவர் கவனம் சிதறும்.

இனி ஒப்புதல் சுற்று வரும். ஒவ்வொரு துறையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லும்: பயிற்சித் திட்டம், பாதுகாப்பு, புதிய ஒப்பந்தங்கள். எல்லாம் நியாயமான விஷயங்கள்தான், ஆனால் ஐந்து வரி சேர்ந்தால் வீடியோ மறுபடியும் 28 ஸ்லைடாகிவிடும். ஒருவரையும் மறுக்க வேண்டாம். வீடியோவோடு போகும் ஒரு பக்கக் குறிப்பைக் காட்டி, "உங்கள் விஷயம் இங்கே முழு விவரத்தோடு வருகிறது" என்று சொல்லுங்கள். ஸ்கிரிப்ட்டில் கை வைக்கும் உரிமை முதன்மைச் செயல் அதிகாரிக்கும், தகவல் பிழையைச் சுட்டிக்காட்டுவதற்காகச் சட்டம், மனிதவளம், திட்டப் பிரிவு மூன்றுக்கும் மட்டும் என்று அவரிடமே முன்கூட்டிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று: ஸ்கிரிப்ட்டில் 15-ஆம் தேதி என்று எழுதுகிற நாளிலேயே, அவருடைய உதவியாளரிடம் சொல்லி அந்தத் தேதியை அவர் நாட்காட்டியில் பூட்டச் சொல்லுங்கள். இடமாற்றப் பட்டியலைத் தயாரிப்பவர் யார் என்றும், அது உங்கள் கைக்கு எந்த நாளில் வரும் என்றும் அன்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால், காப்பாற்ற முடிகிற ஒரு தேதி கிடைக்கும் வரை அந்த வரியைப் படமெடுக்காதீர்கள்.